காலையில் 102, மாலையில் 338: ஸ்டீராய்டு சுகருக்கு இன்சுலின் எந்த நேரத்தில்?

வாசகர் கடிதம்

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 62, எடை 60 கிலோ. புறா எச்சத்தால் நுரையீரலில் அலர்ஜி என்று சொல்லி, ஒரு மாதமாகக் காலை 8 மணிக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. கொடுக்கிறார்கள். மூச்சு நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் நாக்கு வறண்டு போகிறது, அடிக்கடி பாத்ரூம் போகிறார். லேபில் வெறும் வயிற்றில் 102, சாப்பிட்ட பின் 168. "சுகர் இல்லை" என்றார் எங்கள் குடும்ப டாக்டர். பக்கத்து வீட்டு மெஷினில் மாலை 5 மணிக்குப் பார்த்தால் 338! வேறொரு டாக்டர் ராத்திரி படுக்கும்போது கிளார்ஜின் இன்சுலின் 14 யூனிட் போடச் சொன்னார். நாலாம் நாள் விடிகாலை 4 மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பார்த்தால் 56. மாலையில் மட்டும் இன்னும் 300க்கு மேல். அம்மா மதியச் சோற்றை நிறுத்திவிட்டார். அப்பாவோ மாத்திரை, ஊசி இரண்டையும் விட்டுவிடலாம் என்கிறார். அடுத்த வாரம் மாத்திரை 30 ஆகக் குறையப்போகிறது. ஊசி ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா? ஸ்டீராய்டு போதும் என்று நாங்களே நிறுத்தலாமா?

பதில்

முதலில் இன்று ராத்திரி விஷயம். விடிகாலையில் 56 வரை இறங்கிய பிறகு அதே 14 யூனிட்டைத் தொடரக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே போனில் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் இன்று ராத்திரி ஊசியை மட்டும் போடாமல் விடுங்கள். வெறும் வயிற்றில் 102 இருப்பவருக்கு ஒரு ராத்திரி ஊசி இல்லாமல் போவதில் ஆபத்து கிடையாது. மாத்திரை அப்படியல்ல, அதை நாளைக் காலை வழக்கம்போலக் கொடுத்தே ஆக வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லேப் சொன்னதும் சரி, பக்கத்து வீட்டு மெஷின் சொன்னதும் சரி. பிரெட்னிசலோனைக் காலையில் ஒரே வேளையாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சுகர் இப்படித்தான் ஏறி இறங்கும். மாத்திரை போட்டு சுமார் 4 மணி நேரத்தில் அது சுகரை உயர்த்தத் தொடங்குகிறது. 4 முதல் 8 மணி நேரத்துக்குள் உச்சம். 12 முதல் 16 மணி நேரத்தில் வேகம் தணிந்துவிடும். உங்கள் அப்பா 8 மணிக்குப் போடுகிறார், ஆகவே நண்பகலிலிருந்து ஏற ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும் உச்சத்தில் நின்று, நள்ளிரவுக்குள் இறங்குகிறது. விடியும்போது பழைய ஆளாகிவிடுகிறார். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் 102தான் வரும்.

ஸ்டீராய்டு இருக்கும்போது தசைகள் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை, கல்லீரல் தேவைக்கு மேல் சுகரை வெளியே விடுகிறது, கணையமும் சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினைக் கூட்டிச் சுரக்கத் திணறுகிறது. இதனால் அடி விழுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகருக்குத்தான்.

"சாப்பிட்ட பின் 168 என்று லேபிலேயே வந்ததே" என்று நீங்கள் கேட்கலாம். லேபில் வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு, காலை டிபன் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்திருப்பீர்கள். அது பத்து, பத்தரை மணி. மாத்திரை அப்போது வேலையைச் சரியாகத் தொடங்கியே இருக்காது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு அந்தச் சோதனை பாதிக் கதையைத்தான் சொல்லும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பார்த்தால்தான் உண்மை தெரியும். பக்கத்து வீட்டு மெஷின் தற்செயலாகச் சரியான நேரத்தில் பார்த்துவிட்டது.

ராத்திரி ஊசி ஏன் ஒத்துவரவில்லை

கிளார்ஜின் நல்ல மருந்துதான். ஆனால் அது ஏறக்குறைய 24 மணி நேரமும் ஒரே சீராக வேலை செய்கிற இன்சுலின். அப்பாவுக்குத் தேவை ஒரே சீராக இல்லை. மாலை 5 மணிக்கு அந்த 14 யூனிட் போதவே போதாது, விடிகாலை 4 மணிக்கு அதே 14 யூனிட் அதிகம். செம்பூர் ஸ்டேஷனில் சாயங்காலம் நெரிசல் என்று புகார் வந்தால் நள்ளிரவுக்கு மேல் ஸ்பெஷல் வண்டி விடுவது போல. இந்த இடத்தில் பல வீடுகளில் ஒரு தப்புக் கணக்கு நடக்கும். மாலையில் 300 தாண்டுகிறதே என்று கிளார்ஜினை 18, 20 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். விடிகாலைச் சரிவுதான் ஆழமாகும்.

இங்கே பொருந்துவது என்.பி.எச். என்ற பழைய, விலை குறைந்த இன்சுலின். பால் போலக் கலங்கலாக இருக்கும். போட்டு 2 மணி நேரத்துக்குப் பிறகு வேலையைத் தொடங்கி, 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சம் காட்டி, 12 முதல் 16 மணி நேரத்தில் அடங்கும். பிரெட்னிசலோனின் கால அளவோடு ஏறக்குறைய ஒட்டிப்போவதைக் கவனியுங்கள். காலை 8 மணிக்கு மாத்திரையோடு சேர்த்து ஒரே ஊசி. இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும், ராத்திரி அப்பா நிம்மதியாகத் தூங்கலாம்.

ஊசி இல்லாமல் சுகர் மாத்திரையிலேயே முடிக்கக் கூடாதா என்றால், மாலைச் சுகர் 200ஐ ஒட்டி இருப்பவர்களுக்குக் காலையில் மட்டும் கிளிக்லசைடு கொடுத்துப் பார்ப்பதுண்டு. 338க்கு அது போதாது. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தாலும் இந்த உயரத்துக்கு எட்டாது.

எத்தனை யூனிட்

இதற்கு டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரெட்னிசலோன் ஒவ்வொரு 10 மி.கி.க்கும், எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 யூனிட் என்.பி.எச். அதிகபட்சம் கிலோவுக்கு 0.4. அப்பாவுக்கு 40 மி.கி., 60 கிலோ. ஆக 0.4 × 60 = 24 யூனிட்.

நானாக இருந்தால் 24இல் தொடங்க மாட்டேன். அறுபதைத் தாண்டியவர், இப்போதுதான் ஒரு முறை 56க்கு இறங்கியவர், கிளார்ஜினின் மிச்சம் இன்னும் ஒரு நாள் உடம்பில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அடுத்த வாரம் மாத்திரை 30 ஆகப்போகிறது. அப்போது அதே கணக்கு 18 என்றுதான் வரும். அதனால் 14 யூனிட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றுவேன். எண் பழைய கிளார்ஜின் எண்தான். நேரமும் மருந்தும்தான் மாறுகின்றன. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இதையும் குறைக்க வேண்டியிருக்கும், ஆகவே சமீபத்திய கிரியேட்டினின் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இந்த எண்களை வைத்து நீங்களே தொடங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் "காலையில் என்.பி.எச். போடலாமா" என்று கேட்கும்போது அவர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

முதல் வாரம் நாலு நேரம் பாருங்கள்: காலை வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கப் போகும்போது. காலை என்.பி.எச். டோஸைத் தீர்மானிப்பது முக்கியமாக இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய எண். அது 110க்கும் 180க்கும் நடுவே வந்தால் போதும், இந்த வயதில் அதற்குக் கீழே துரத்த வேண்டியதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து 250 என்று நின்றால் டோஸைப் பத்திலிருந்து இருபது சதவீதம் ஏற்றுவது வழக்கம், அதாவது 14ஐ 16 ஆக்குவது. 110க்குக் கீழே வந்தால் அதே அளவில் உடனே இறக்க வேண்டும். காலை வெறும் வயிற்று எண் 80, 75 என்று சறுக்கினால் ஊசியின் வால் விடிகாலை வரை நீள்கிறது என்று பொருள், அப்போதும் குறைக்க வேண்டும். சிலருக்கு இந்த ஒரு ஊசியில் மாலைச் சுகர் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தையது மட்டும் அடம் பிடிக்கும். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் கொஞ்சம் சேர்ப்போம்.

அப்புறம், அம்மா மதியச் சோற்றை நிறுத்தியது. இதுவரை அதனால் பெரிய கெடுதல் வந்திருக்காது. ஆனால் காலை ஊசி தொடங்கிய பிறகு அது ஆபத்து. என்.பி.எச். உச்சத்தில் இருப்பதே மதியமும் மாலையும்தான். அந்த நேரத்தில் வயிறு காலியாக இருந்தால் சுகர் சறுக்கும். மதியம் ஒரு மணி வாக்கில் சாப்பாடு கட்டாயம். சோற்றின் அளவைக் குறைத்து, கூட்டு, பொரியல், பருப்பைக் கூட்டுங்கள். மாலை 4 மணி டீயோடு வரும் பிஸ்கட்டும் கேக்கும்தான் போக வேண்டியவை, ஒரு கை சுண்டல் போதும். ஏகாதசி, சதுர்த்தி என்று விரதம் இருப்பவர் என்றால் முந்தைய நாளே டாக்டரிடம் டோஸைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள்

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. குப்பி 40ஆக இருக்க, ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 14 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஆறு யூனிட்டுக்கும் குறைவு. "ஊசி கேட்கவே இல்லை" என்று டோஸை ஏற்றச் சொல்வார்கள். தலைகீழாக, 100 அடர்த்தி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 கோடு வரை இழுத்தால் 35 யூனிட் போகும். அப்போது நேராக எமர்ஜென்சிதான். மருந்துக்கடையில் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என்.பி.எச். குப்பியில் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டி, முழுக்க ஒரே வெண்மையாக வந்த பிறகு இழுக்க வேண்டும். அடியில் வண்டல் நிற்கும்போதே இழுத்தால் ஒரு நாள் 150, ஒரு நாள் 290 என்று காரணம் புரியாமல் ஆடும்.

மாத்திரை குறையும் வாரம்

மாலைச் சுகர் கட்டுக்குள் வந்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். என் அனுபவத்தில் நோயாளிகள் சுகர் இறங்கி மயங்கி வருவது அதற்குப் பிறகுதான். நுரையீரல் டாக்டர் மாத்திரையைக் குறைத்திருப்பார், ஊசி பழைய டோஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். குறைத்தவருக்கு ஊசி டோஸ் தெரியாது. ஊசி எழுதியவருக்கு மாத்திரை குறைந்தது தெரியாது. இரண்டு ஃபைல், இரண்டு ஆஸ்பத்திரி, நடுவில் நீங்கள்.

மாத்திரை எந்த விகிதத்தில் குறைகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் ஊசியும் குறைய வேண்டும், அதுவும் அதே காலையில். அப்பா 40 மி.கி.யில் 20 யூனிட்டில் நிலைப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை 30 ஆகும்போது கால் பங்கு குறைகிறது, ஊசி 15. 30இலிருந்து 20 ஆகும்போது மூன்றில் ஒரு பங்கு, ஊசி 10. 20இலிருந்து 15 என்றால் 7 அல்லது 8. மாத்திரை 10க்கு வரும்போது 5 யூனிட் இருக்கும். அந்தக் கட்டத்தில் பலருக்கு ஊசியே தேவைப்படாமல் போகும். எண்கள் இவ்வளவு ஒழுங்காக வராது, மெஷின் காட்டுவதைப் பார்த்து முன்னே பின்னே மாற்றுவோம். ஆனால் குறைத்த நாளிலிருந்து மூன்று, நாலு நாள் மறுபடி நாலு வேளையும் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, மாத்திரை எத்தனை மி.கி., ஊசி எத்தனை யூனிட், நாலு எண்கள், அவ்வளவுதான். ஒரு வரி இப்படி இருக்கும்: "திங்கள், மாத்திரை 30, ஊசி 15, காலை 96, மதியம் 148, இரவுக்கு முன் 171, படுக்கை 139." இரண்டு டாக்டரிடமும் இதே நோட்டைக் காட்டுங்கள். மாத்திரையை யார் குறைத்தாலும் அறையை விட்டு வெளியே வருவதற்குள் "அப்போ இன்சுலின் எத்தனை?" என்று கேட்டுவிட வேண்டும். அவர் "சுகர் டாக்டரைக் கேளுங்கள்" என்றால் அன்றைக்கே கேட்க வேண்டும், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்கக் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் காலையில் ஒரே வேளை பிரெட்னிசலோனுக்கு. நாளைக்கே காலையும் மாலையும் என்று பிரித்துக் கொடுத்தால் ராத்திரியும் சுகர் ஏறும், திட்டம் மாறும். டெக்ஸாமெத்தசோன் என்றால் அதன் வேலை ஒரு நாளைத் தாண்டி நீளும், வெறும் வயிற்றுச் சுகரும் உயரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை என்று மாறினால் மாத்திரை இல்லாத நாளில் முழு ஊசி போட்டுவிடக் கூடாது.

நாமே நிறுத்தலாமா

கூடாது. ஒரு மாதமாக 40 மி.கி. சாப்பிட்டிருக்கிறார். இந்தக் காலத்தில் அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அவை உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது, சுகர் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நுரையீரல் பிரச்சினையும் திரும்பும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றைய இன்சுலினைப் போடாமல், நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை குறைய வேண்டும் என்பதில் அப்பாவுக்கு அக்கறை இருந்தால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பால்கனிக்கு வலை அடித்து, புறாவுக்குத் தானியம் போடுவதை நிறுத்தி, எச்சத்தை அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் ஈரமாக்கிச் சுத்தம் செய்யட்டும். புறா இருக்கும்வரை ஸ்டீராய்டும் நீளும்.

சுகர் 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். பிஸ்கட் வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏற்றும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மறுபக்கம், மெஷின் எண்ணுக்குப் பதில் HI என்று காட்டினாலோ, 400க்கு மேல் நின்று அவர் சோர்ந்து, தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் அல்ல.

ஆயுசுக்குமா

பெரும்பாலும் இல்லை. மாத்திரை குறையக் குறைய ஊசியும் குறைந்து நின்றுவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். ஆனால் சிலருக்கு ஸ்டீராய்டுக்கு முன்பே சுகர் வரும் தன்மை உள்ளே இருக்கும், மாத்திரை அதை வெளியே கொண்டுவந்துவிடும். மாத்திரை தொடங்கும் முன் எடுத்த எச்பிஏ1சி ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதில் 5.7க்கும் 6.4க்கும் நடுவே இருந்தால் அவர் ஏற்கெனவே எல்லையில் நின்றவர், கூடுதல் கவனம் தேவை. ஸ்டீராய்டு முழுதாக நின்ற உடனே எச்பிஏ1சி எடுக்காதீர்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி, ஆகவே மாத்திரை ஓடிய நாட்களையும் சேர்த்துத்தான் காட்டும். நின்று மூன்று மாதம் கழித்து, வெறும் வயிற்றுச் சுகரோடு சேர்த்து எடுங்கள். இயல்பாக வந்தாலும் வருடம் ஒரு முறை பார்த்து வாருங்கள். பின்னால் எப்போதாவது ஸ்டீராய்டு எழுதப்பட்டால் முதல் வாரத்திலேயே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் பார்க்கச் சொல்லி அந்த டாக்டரிடம் நினைவூட்டுங்கள்.